47.67 என்று ஒரு மார்க் கிடையாது

செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது கல்லூரி மாணவர்கள் எல்லாரும் போடும் கணக்கு ஒன்று உண்டு. இன்டர்னல் மார்க் கைக்கு வந்துவிட்டது. பாஸாக இன்னும் எவ்வளவு வேண்டும்? செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து தட்டினால் 47.67 என்று வருகிறது. பேப்பர் திருத்துபவர் 47 போடுவார், 47½ போடுவார், 48 போடுவார். 47.67 போட மாட்டார். அப்படியென்றால் உண்மையில் வாங்க வேண்டியது எவ்வளவு?

“அடுத்த அரை மார்க்குக்கு ஏற்றிக்கொள், அவ்வளவுதான்” என்று சீனியர்கள் சொல்வார்கள். சரியான பதில்தான். ஆனால் எந்த எண்ணை ஏற்றுவது, எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்பதில் பலருக்கும் தவறிவிடுகிறது. அந்தத் தவறு எப்போதும் அரை மார்க்கில்தான் வந்து நிற்கும். பாஸுக்கும் அரியருக்கும் நடுவே இருப்பதும் பல நேரம் அதே அரை மார்க்தான்.

முதலில் கணக்கு

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் தியரி பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சி பெற மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். நம் கணக்குக்கு இதே அளவுகளைக் கொண்ட ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே பேப்பர் நூறு மார்க்குக்கு, அரை மார்க் வரை பார்த்துத் திருத்தப்படுகிறது. பிறகு அது அறுபதுக்குக் குறைக்கப்படுகிறது. இன்டர்னல் தசமத்தோடு வருகிறது. இப்போதைக்கு அலுவலகம் எதையும் ரவுண்ட் செய்வதில்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு மாணவிக்கு இன்டர்னல் 21.4 வந்திருக்கிறது. மொத்தம் 50 ஆக, தேர்வுப் பங்கிலிருந்து இன்னும் 28.6 வர வேண்டும். நூறு மார்க் பேப்பரில் ஒரு மார்க் எடுத்தால் மொத்தத்தில் 0.6 சேரும். ஆகவே 28.6ஐ 0.6ஆல் வகுத்தால் பேப்பரில் எடுக்க வேண்டியது கிடைக்கும். அதுதான் 47.666 என்று முடிவில்லாமல் ஓடும் அந்த எண்.

பள்ளியில் ரவுண்ட் செய்யச் சொல்லித் தந்த முறை, எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்குப் போவது. 47.67க்குப் பக்கத்தில் இருப்பது 47.5. சரி, 47½ எடுத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். 47.5ஐ 0.6ஆல் பெருக்கினால் 28.5. இன்டர்னல் 21.4ஐச் சேர்த்தால் 49.9. ஃபெயில். அதற்கு மேலே உள்ள 48ஐ எடுத்தால் 28.8, மொத்தம் 50.2. பாஸ்.

பக்கத்து எண்ணுக்குப் போகும் முறை இங்கே செல்லாததற்குக் காரணம் எளிது. அந்த முறை ஓர் அளவைச் சுருக்கிச் சொல்வதற்கானது. ஊர் 47.67 கிலோமீட்டர் தொலைவு என்பதை 47½ என்று சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. நம் கேள்வியோ குறைந்தபட்சம் எவ்வளவு என்பது. வீட்டுக்கு ஒன்றேகால் லிட்டர் பால் வேண்டும், கடையில் அரை லிட்டர் பாக்கெட் மட்டும்தான் இருக்கிறது என்றால் மூன்று பாக்கெட் வாங்குவோம். இரண்டு வாங்கினால் காபிக்குக் குறையும். குறைந்தபட்சம் என்று வந்துவிட்டால் மேலே மட்டும்தான் போக முடியும்.

இரண்டால் பெருக்கு, மேலே ஏற்று, இரண்டால் வகு

பேப்பரில் அரை மார்க் எப்படி வருகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். இரண்டு மார்க் கேள்விக்கு வரையறை சரியாக இருந்து உதாரணம் பாதியில் நின்றால் 1½ விழும். நீண்ட கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் அரை குறையும். இப்படி விழும் மார்க்குகள் விடைத்தாளின் முகப்பில் உள்ள கட்டத்தில் கேள்வி வாரியாக ஏறுகின்றன. இரண்டு ½ சேர்ந்தால் ஒன்று ஆகிவிடும். எத்தனை ½ இருந்தாலும் கூட்டுத்தொகை ஒரு முழு எண்ணாக இருக்கும், இல்லாவிட்டால் முழு எண்ணும் அரையுமாக இருக்கும். வேறெதுவும் வர வழியில்லை.

ஆகவே மார்க்கை மார்க்காக எண்ணாமல் அரை மார்க்குகளாக எண்ணினால் வேலை சுலபம். நூறு மார்க் பேப்பர் என்பது இருநூறு அரை மார்க். 47.666ஐ இரண்டால் பெருக்கினால் 95.33 அரை மார்க். அரை மார்க்கை மேலும் உடைக்க முடியாது. ஆகவே 96 வேண்டும். இரண்டால் வகுத்தால் 48. எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் போடுகிறவர்களுக்கு இதே வேலையைச் செய்ய ஒரு சூத்திரம் உண்டு:

```
=CEILING((50-21.4)/0.6, 0.5)
```

கடைசியில் உள்ள 0.5 தான் “அரை அரையாக ஏற்று” என்ற கட்டளை. அதை 1 என்று மாற்றினால் முழு மார்க்குக்கு ஏற்றும், 0.25 என்றால் கால் மார்க்குக்கு.

ஏற்கெனவே அரையில் சரியாக வந்து நிற்கும் எண்ணை ஏற்றக் கூடாது. இன்டர்னல் 20.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஆக 29.1 வேண்டும், 0.6ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 48.5. விடை 48½ தான், 49 அல்ல. “எதற்கும் ஒரு அரை சேர்த்துக்கொள்வோம்” என்பது முன்னெச்சரிக்கையாக இருக்கலாம், கணக்கு ஆகாது.

எந்த அளவுகோலில் ஏற்றுவது?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். 28.6 வேண்டும் என்று கண்டவுடனேயே சிலர் அதை அரைக்கு ஏற்றி 29 ஆக்கிவிடுகிறார்கள். பிறகு 29ஐ 0.6ஆல் வகுத்து 48.33, அதையும் ஏற்றி 48½ என்கிறார்கள். சரியான விடை 48. ஒரே கணக்கில் இரண்டு முறை ஏற்றியதால் அரை மார்க் கூடுதலாக வந்துவிட்டது.

அரை மார்க் விழுவது நூறு மார்க் பேப்பரில். அறுபதுக்குக் குறைத்த பிறகு அந்த அரை மார்க்கின் அளவு 0.3 ஆகிவிடுகிறது. அறுபது அளவில் 28.5க்கு அடுத்து வருவது 28.8, அதற்கு அடுத்து 29.1. அங்கே 29 என்று ஒரு மார்க் வரவே வராது. ஆகவே பேப்பர் எந்த அளவுகோலில் திருத்தப்படுகிறதோ அங்கே போய்ச் சேரும்வரை எதையும் ரவுண்ட் செய்யாமல் வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு முறை ஏற்ற வேண்டும்.

இடையில் தசமத்தை வெட்டிவிடுவதும் இதே வகைத் தவறுதான். இன்டர்னல் 18.19 என்று ஒருவருக்கு வந்திருக்கிறது. தேவை 31.81, 0.6ஆல் வகுத்தால் 53.0166. கால்குலேட்டரோ ஷீட்டோ ஒரு தசம இடம் மட்டும் காட்டும்படி வைத்திருந்தால் திரையில் 53.0 என்று தெரியும். 53 போதும் என்று நினைத்துவிடுவோம். 53ஐ 0.6ஆல் பெருக்கினால் 31.8, மொத்தம் 49.99. நூறில் ஒரு பங்கு மார்க்கில் அரியர். கண்ணுக்குத் தெரியாத அந்த 0.0166க்காக இங்கே 53½ வரை போயே ஆக வேண்டும்.

இரண்டாவது வாசல்

தேர்வில் தனியாக 45 விழுக்காடு என்ற நிபந்தனை இருப்பதால் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். நூறு மார்க் பேப்பரில் அது 45. இன்டர்னல் 24 வாங்கிய மாணவருக்கு மொத்தத்தின் கணக்குப்படி வேண்டியது 26ஐ 0.6ஆல் வகுத்த 43.33, அதாவது 43½. ஆனால் 43½ எடுத்தால் மொத்தம் 50 தாண்டியும் தேர்ச்சி இல்லை. இரண்டு தேவைகளில் பெரியதுதான் அவருக்கான மார்க். அது 45.

இந்த அளவுகளில் 23க்கு மேல் இன்டர்னல் வாங்கிய எல்லாருக்கும் விடை 45 தான். 23 எடுத்தவருக்கு மொத்தத்தின் கணக்கும் சரியாக 45 என்றே வரும். அதற்குக் கீழே போகப் போகத்தான் மொத்தத்தின் கணக்கு மேலே ஏறுகிறது.

பேப்பர் நூறுக்கு இல்லாமல் 75க்கு இருந்தால் இந்தக் குறைந்தபட்சத்தையும் ஏற்ற வேண்டி வரும். 75இல் 45 விழுக்காடு 33.75. 33½ எடுத்தால் 45 விழுக்காடு வராது, 34 வேண்டும்.

மேல் எல்லையையும் மறக்கக் கூடாது. அதே 21.4 இன்டர்னலோடு மொத்தம் 85 வேண்டும் என்று ஆசைப்பட்டால் கணக்கு 106 என்று சொல்லும். நூறு மார்க் பேப்பரில் 106 இல்லை. நூற்றுக்கு நூறு எடுத்தாலும் அவர் தொடக்கூடியது 81.4 தான். ஏற்றிய பிறகு வரும் எண் பேப்பரின் முழு மார்க்கைத் தாண்டினால் “முடியாது” என்பதே விடை. எதிர்ப்பக்கம் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால், வேறு குறைந்தபட்சம் இல்லாத இடத்தில், விடை பூஜ்யம்.

அலுவலகம் எங்கே ரவுண்ட் செய்கிறது?

இதுவரை அலுவலகம் எதையும் ரவுண்ட் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டோம். நடைமுறையில் பெரும்பாலும் ஏதாவது ஓர் இடத்தில் செய்வார்கள். அந்த இடம் மாறினால் விடையும் மாறும். 21.4 இன்டர்னல் வாங்கிய அதே மாணவியை வைத்தே பார்ப்போம்.

எங்கும் ரவுண்ட் இல்லையென்றால் அவருக்கு வேண்டியது 48. இதை முன்பே பார்த்தோம்.

இன்டர்னலும் தேர்வும் சேர்ந்த மொத்தத்தை மட்டும் கடைசியில் முழு எண்ணாக்கும் கல்லூரி என்றால், 49.5 வந்தாலே 50 ஆகிவிடும். ஆகவே தேர்விலிருந்து வேண்டியது 28.1 தான். 0.6ஆல் வகுத்தால் 46.83, ஏற்றினால் 47. சரிபார்த்தால் 28.2 சேர்ந்து 49.6, அது 50 ஆகிறது. 46½ எடுத்திருந்தால் 49.3, அது 49க்கு இறங்கிவிடும்.

மூன்றாவது, பேப்பரின் கூட்டுத்தொகையில் அரை வந்தால் அதை அங்கேயே முழு மார்க்காக்கிவிடும் வழக்கம். இங்கே அறுபதுக்குக் குறைப்பதற்கு முன்பே 47½ என்பது 48 ஆகிவிடுகிறது. பதிவேட்டில் 48 இருக்க வேண்டும்; அது இருக்க விடைத்தாளில் 47½ போதும்.

ஒரே மாணவி, ஒரே இன்டர்னல். விடை 48, 47, 47½ என்று மூன்று. இதில் எது பொருந்தும் என்பதைக் கால்குலேட்டரால் சொல்ல முடியாது. கல்லூரியின் தேர்வு விதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வுப் பிரிவில் போய்க் கேட்பதானாலும் “ரவுண்ட் பண்ணுவீங்களா சார்?” என்று மட்டும் கேட்டால் “பண்ணுவோம்பா” என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். “பேப்பர் டோட்டல்ல பண்ணுவீங்களா, இன்டர்னல் சேர்த்த பிறகு பண்ணுவீங்களா?” என்று கேட்டால்தான் நம் கணக்குக்கு உதவும்.

விதி உறுதியாகத் தெரியாதபோது ரவுண்ட் எதுவும் இல்லை என்ற முதல் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். பாதியை மேலே ஏற்றும் வழக்கம் இருந்தால் மிஞ்சிப்போனால் அரை மார்க்கோ ஒரு மார்க்கோ கூடுதலாகக் கேட்டிருக்கும், குறைவாகக் கேட்டிருக்காது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இன்டர்னலைத் தனியாக முழு எண்ணாக்கும் கல்லூரியில் 21.4 என்பது 21 ஆகிவிடும். அப்போது 29 வேண்டும், 0.6ஆல் வகுத்தால் 48.33, ஏற்றினால் 48½. தசமத்தை நம்பி 48 எடுத்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். ஆகவே கணக்கைத் தொடங்கும்போது நம் நோட்டில் உள்ள இன்டர்னலை எடுக்காமல், அலுவலகம் பதிவில் ஏற்றிய இன்டர்னலை எடுப்பதே சரி.

கணினி காட்டும் வீண் அரை மார்க்

கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இதற்குச் சின்னதாக ஒரு நிரல் எழுதிவிடுவார்கள். அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். நூறு மார்க் பேப்பரில் 55 விழுக்காடு வேண்டும் என்பது விதி. விடை 55 என்று குழந்தைகூடச் சொல்லும். பைத்தானில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

```
import math
print(math.ceil(0.55 * 100 * 2) / 2)
```

திரையில் வருவது 55.5. நிரலில் பிழையில்லை, பிழை 0.55 என்ற தசமத்தில் இருக்கிறது. கணினி எண்களை இரண்டடிமானத்தில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் முடியாமல் ஓடுவதைப் போல, 0.55 இரண்டடிமானத்தில் முடியாமல் ஓடும். எங்கேயாவது வெட்டித்தானே ஆக வேண்டும்? வெட்டியதில் எண் மயிரிழை கூடிவிடுகிறது. நூறால் பெருக்கினால் 55க்குப் பதில் 55.00000000000001 வருகிறது. பக்கத்து எண்ணுக்குப் போகும் வழக்கமான ரவுண்ட் என்றால் அந்த மயிரிழை காணாமல் போயிருக்கும். மேலே ஏற்றும் ரவுண்டோ எவ்வளவு சிறிய மிச்சம் இருந்தாலும் அதை அடுத்த படிக்குத் தூக்கிவிடும்.

வழி, தசமத்துக்கே போகாமல் முழு எண்களில் கணக்கிடுவது. 0.55 என்பதற்குப் பதில் நூறில் 55 என்று வைத்துக்கொண்டு, முதலில் பெருக்கி, கடைசியில் வகுப்பது:

```
print(-(-(55 * 100 * 2) // 100) / 2)
```

`//` என்பது கீழ்நோக்கி இறக்கும் முழு எண் வகுத்தல். எண்ணை மைனஸாக்கி இறக்கி, மறுபடி மைனஸ் போட்டால் மேலே ஏற்றியதாகிவிடும். இப்போது 55.0 வரும்.

முன்னே பார்த்த 53.0166உம் இப்போது பார்த்த 55.00000000000001உம் மேலுக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் முழு எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறிய மிச்சம். ஆனால் முதலாவது உண்மையான பாக்கி; அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். இரண்டாவது கணினி தானாகச் சேர்த்துவிட்ட தூசி. அதைத் தட்டிவிட வேண்டும். “சின்னதாக இருந்தால் விட்டுவிடலாம்” என்று பொதுவாக ஒரு விதி வைத்துக்கொண்டால் என்றாவது ஒருநாள் உண்மையான பாக்கியும் சேர்ந்து போய்விடும்.

இரண்டு வரிச் சோதனை

எது பாக்கி, எது தூசி என்று பிரித்துக் காட்ட ஒரு சோதனை இருக்கிறது. மேலே சொன்ன மற்ற தவறுகளையும் அதுவே பிடித்துவிடும். விடையாக வந்த மார்க்கை எடுத்து விதிப்படி முன்னோக்கிக் கணக்கிட்டுப் பாருங்கள், பாஸாக வேண்டும். பிறகு அதற்கு அரை மார்க் கீழே உள்ளதை எடுத்து அதேபோல் கணக்கிடுங்கள், ஃபெயிலாக வேண்டும். இரண்டும் அப்படியே நடந்தால் விடை சரி.

48 என்ற விடைக்கு: 48க்கு மொத்தம் 50.2, பாஸ், 47½க்கு 49.9, ஃபெயில். சரி. இரண்டு முறை ஏற்றியதால் வந்த 48½க்கு: 48½க்கு மொத்தம் 50.5, பாஸ், ஆனால் 48உம் பாஸ். எங்கேயோ அரை கூடியிருக்கிறது. 18.19 இன்டர்னல் வாங்கியவரின் 53க்கு: 49.99, முதல் வரியிலேயே ஃபெயில், ஆகவே 53½. பைத்தான் சொன்ன 55½க்கு: அதற்குக் கீழே உள்ள 55உம் நூற்றுக்கு 55 விழுக்காடுதான், ஆகவே 55½ தப்பு.

இந்தச் சோதனையில் வகுத்தல் கிடையாது, பெருக்கிக் கூட்டுவது மட்டும்தான். முடிவில்லாத தசமம் நடுவில் வராததால் கையாலேயே போட்டுவிடலாம். கல்லூரி எங்கே ரவுண்ட் செய்கிறதோ அதையும் அந்தந்த இடத்தில் அப்படியே செய்து பார்க்கலாம். விதி எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், பேப்பரில் இவ்வளவு எடுத்தால் பதிவேட்டில் என்ன வரும் என்று முன்னோக்கிப் போடுவது சுலபம். பின்னோக்கி வருவதில்தான் குழப்பம்.

இப்படிக் கிடைக்கும் எண்ணை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 48 என்பது, திருத்துபவர் 48 போட்டால் பாஸ் என்று மட்டுமே சொல்கிறது. நாற்பத்தெட்டு மார்க்குக்கு எழுதினால் பாஸ் என்று சொல்லவில்லை. ஒரே விடைக்கு ஒருவர் ஒன்பதும் இன்னொருவர் ஒன்பதரையும் போடுவது சாதாரணம். ஏழெட்டுப் பெரிய கேள்விகளில் அப்படி ஆளுக்கு ஆள் மாறினால் மூன்று நான்கு மார்க் இப்படியும் அப்படியும் போகும். ஆகவே எத்தனை பாடம் படிப்பது என்று திட்டமிட இந்த எண் உதவாது. அதற்கு அதைவிடத் தாராளமான ஒரு குறி வேண்டும். அரை மார்க் துல்லியம் தேவைப்படுவது முடிவு வந்த பிறகு: பேப்பரில் 47½ என்று பார்த்தவர், எத்தனை மார்க் குறைவு, மறுகூட்டலுக்குப் பணம் கட்டலாமா என்று யோசிக்கும்போது. அவருக்குக் குறைவது மொத்தத்தில் தெரியும் 0.1 அல்ல, விடைத்தாளில் எங்கேயாவது கூட்டாமல் விட்டுப்போன முழுசாக ஒரு ½.